பழைய வீடும் நூறு மீட்டர் எல்லையும்

அகமதாபாத்தின் பழைய நகரிலுள்ள ஜாமா மசூதி, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகும். 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி.

அவ்வெல்லையிலிருந்து 60 மீட்டர் தொலைவில் ஒரு பழைய வீடு இருப்பதாகக் கொள்வோம். மழைநீர் கசிந்து அதன் மர உத்திரம் இற்றுவிட்டது. உரிமையாளர் அனுமதி பெற்று உத்திரத்தை மாற்றலாம். புதிய மாடி எழுப்ப இயலாது. பழுது பார்க்குமுன் வீடு இடிந்துவிட்டால், முன்பிருந்த அளவிலேயே கட்டுவதற்கும் அனுமதி கிடையாது. ஏனெனில், அது பழுதுபார்ப்பு அன்று; மறுகட்டுமானம். அதே வீடு 150 மீட்டர் தொலைவில் இருந்தால், அனுமதி பெற்று மீண்டும் கட்டலாம். ஆகவே, கசிவைக் கண்டவுடனே விண்ணப்பித்தல் வேண்டும்.

வினாக்கள்
1. பழுதுபார்ப்புக்கும் மறுகட்டுமானத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 250 மீட்டர் தொலைவிலுள்ள வீடு எப்பகுதியில் அடங்கும்?