கண் காத்த கடிதம்

நுழையும் முன்

புனே நகரை அடுத்த போசரியில் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள ஓர் ஆலையில், கோயம்புத்தூரில் தொழில் கற்ற ஒருவர் சாணை இயந்திரத்தில் பணிபுரிந்தார். இரும்பு வார்ப்புகளின் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சாணைக்கல்லில் தேய்த்து நீக்குவது அவர் வேலை. அப்போது பறக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் சூடேறிய ஓர் இரும்புத் துகளாகும்.

ஒரு நாள் அத்தகைய துகள் ஒன்று அவர் கண்ணருகே பட்டது. அவர் அதனை மேற்பார்வையாளரிடம் நேரில் கூறினார். மேற்பார்வையாளரும் தமிழரே. "எழுதிக் கொடுங்கள், பண்டகசாலைக்கு அனுப்பிப் பெற்றுத் தருகிறேன்" என்றார் அவர். அன்றிரவே தொழிலாளி எழுதத் தொடங்கினார்.

கடிதம்

அனுப்புநர்
அ. ஆ. இ.,
சாணைப் பிரிவு.

பெறுநர்
மேற்பார்வையாளர் அவர்கள்,
சாணைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பக்கங்கள் மூடிய காப்புக் கண்ணாடி வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். நேற்று (13.08.2019) முற்பகல் 11 மணியளவில் நான் வார்ப்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அடுத்த இயந்திரத்திலிருந்து தெறித்த துகள் ஒன்று, என் கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகப் புகுந்து, வலக்கண்ணின் கீழிமை ஓரத்தில் பட்டது. முதலுதவி அறையில் தூய நீரால் கழுவினர். தோலில் சிறு சூட்டுப்புண் தவிர வேறு காயம் இல்லை. ஒரு நெல்மணி அளவு மேலே பட்டிருந்தால் விழியே புண்பட்டிருக்கும்.

இதில் அடுத்த இயந்திரத்தில் பணிபுரிந்தவரின் தவறு ஏதுமில்லை. இப்போது எங்களுக்கு வழங்கப்பட்டுள்ள கண்ணாடி முன்புறத்தை மட்டுமே மறைக்கிறது. இயந்திரங்கள் நெருங்கி இருப்பதால் துகள்கள் பக்கவாட்டிலிருந்தும் வருகின்றன.

ஆதலால், எங்கள் பிரிவினர் ஐவருக்கும் முகத்தோடு பொருந்தி நாற்புறமும் மூடும், பாலிகார்பனேட் வில்லை பொருத்திய காப்புக் கண்ணாடி வழங்குமாறு வேண்டுகிறேன். ஐவரில் இருவர் பார்வைக் கண்ணாடி அணிபவர்கள். அவர்களுக்கு அதன் மேலேயே அணியத்தக்க பெரிய அளவு தேவை. வியர்வையால் உட்புறம் ஆவி படியாதிருக்கக் காற்றுத் துளைகளும் இருத்தல் வேண்டும். ஆவி படிந்தால் வேலை தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட நேரிடும்.

புதியவை வரும்வரை, இரு இயந்திரங்களுக்கும் இடையே தடுப்புத் திரை ஒன்றை அமைத்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: போசரி
நாள்: 14.08.2019

தங்கள் உண்மையுள்ள,
அ. ஆ. இ.

கடிதத்தை உற்றுநோக்குவோம்

தொழிலாளி முதலில் எழுதியது ஒரே வரிதான்: "எங்களுக்கு நல்ல கண்ணாடி தந்து உதவ வேண்டுகிறேன்." அதைப் படிப்பவர் பழைய வகையிலேயே புதிய கண்ணாடி ஒன்றைத் தந்துவிடக்கூடும். அது கீறலின்றிப் பளபளக்கும். ஆனால் பக்க இடைவெளி அப்படியே இருக்கும். துகள் எந்த வழியாக வந்தது என்பதை எழுதியபோதுதான் எந்த வழியை அடைக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. 'நல்ல' என்னும் சொல் இருந்த இடத்தில் 'நாற்புறமும் மூடும்' என்னும் தொடர் வந்தது.

காயம் பெரிதாக இல்லாதபோது எழுத வேண்டுமா? வேண்டும். சிறு புண் சில நாளில் ஆறிவிடும். அதன்பின் நடந்ததற்குச் சான்று கடிதம் மட்டுமே. நாளும் நேரமும் அதில் இடம்பெறுவது இதனால்தான்.

தெரிந்துகொள்வோம்

கண்ணில் துகள் விழுந்தால் கசக்குதல் கூடாது. கசக்கினால் துகள் விழியைக் கீறும். தூய நீரால் கழுவ வேண்டும். கழுவியும் உறுத்தல் நீங்காவிடில் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். விழியில் பதிந்த இரும்புத் துகள் ஓரிரு நாளுக்குள்ளேயே துருப்பிடித்து, தன்னைச் சுற்றிக் கறை வளையத்தை உண்டாக்கக்கூடும். அதனை ஊசியாலோ துணி நுனியாலோ எடுக்க முயல்வது தீங்காகும்.

சொற்பொருள்

வார்ப்பு – உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்த பொருள்
பிசிறு – ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வேண்டாத பகுதி
பண்டகசாலை – பொருள்களைச் சேமித்து வழங்கும் இடம்
வில்லை – கண்ணாடியில் பொருத்தப்படும் தகடு

பயிற்சி

1. துகள் தொழிலாளியின் கண்ணருகே எவ்வழியாக வந்தது?
2. காற்றுத் துளைகள் இல்லாவிடில் என்ன நேரும்? கடிதத்திலிருந்து காரணம் எழுதுக.
3. அடுத்த இயந்திரத்தில் பணிபுரிந்தவர் மீது தவறில்லை எனத் தொழிலாளி எழுதியது ஏன்? உம் கருத்தை எழுதுக.
4. "எங்கள் வகுப்புக்கு நல்ல விளக்கு வேண்டும்." இவ்வரியிலுள்ள 'நல்ல' என்னும் சொல்லை நீக்கி, தேவையைத் தெளிவாக விளக்கித் தலைமையாசிரியருக்குக் கடிதம் ஒன்று வரைக.