டாக்டர் லீவில் இருக்கும்போது தானாகப் போகும் பதில்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயதான பெற்றோரை விட்டுவிட்டு வெளியூர்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களில், ஊர் கிளினிக் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி ஆலோசனை கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. டாக்டர் லீவில் போனால் செல்போன் தானே ஒரு பதில் அனுப்பும்படி வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் பதிலில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சித்திரை விஷுவை ஒட்டி டாக்டர் ஏப்ரல் 10 முதல் 15 வரை ஊரில் இல்லை. 11-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு ஒரு மகன் எழுதுகிறார்: "அப்பாவுக்குச் சாயங்காலத்திலிருந்து நெஞ்சு எரிச்சல், வேர்க்கிறது. வாயுவாக இருக்குமா?" உடனே பதில் வருகிறது: "லீவில் இருக்கிறேன். 24 மணி நேரத்துக்குள் பதில் தருகிறேன். அவசரமானால் அருகிலுள்ள மருத்துவமனையை அணுகவும்."

பார்க்க மரியாதையான பதில்தான். ஆனால் மகன் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? வாயு என்று நினைப்பவர் தம்முடையதை அவசரம் என்று எண்ணமாட்டார். 24 மணி நேரம் என்று டாக்டரே சொல்லிவிட்டதால், அதுவரை காத்திருக்கலாம் என்று கொள்வார். மாரடைப்பானால் இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கும். பக்கவாதமானால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே, செய்தியைப் படிக்காமலே போகும் பதிலில் காத்திருக்கும் நேரம் எதையும் குறிக்கக் கூடாது.

"அவசரமானால்" என்ற சொல்லும் போதாது. எது அவசரம் என்று முடிவு செய்யும் பாரத்தை அது நோயாளியின் தலையில் வைக்கிறது. அறிகுறிகளைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். "அருகிலுள்ள" என்பதிலும் சிக்கல் உண்டு. கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு ஒரு பக்கம் சித்தூரும் பாலக்காடும், மறுபக்கம் பொள்ளாச்சியும் கோவையும். எங்கே இரவில் காஷுவாலிட்டி திறந்திருக்கும், எங்கே ஸ்கேன் உண்டு என்பதை டாக்டர் லீவுக்கு முன்பே போன் செய்து கேட்டு, மருத்துவமனையின் பெயரையே எழுத வேண்டும். மாற்று டாக்டரின் சம்மதத்தையும், அவர் இருக்கும் நேரத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படி எழுதினால் பொருத்தமாக இருக்கும்:

"இது தானாக வரும் பதில். உங்கள் செய்தியை யாரும் படிக்கவில்லை. ஏப்ரல் 15 வரை படிக்கமாட்டேன்.

நெஞ்சுவலி, நெஞ்சு எரிச்சலோடு வியர்வை, மூச்சுத் திணறல், முகம் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு, பாம்புக்கடி, விஷம், நிற்காத ரத்தம்: இவற்றில் எது இருந்தாலும் பதிலுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் கிடைத்த வண்டியில் (மருத்துவமனையின் பெயர்) காஷுவாலிட்டிக்குப் போங்கள்.

மற்றவற்றுக்கு டாக்டர் (பெயர், எண்), காலை 9 முதல் மாலை 5 வரை. அவர் கிடைக்காவிட்டாலும், சந்தேகமாக இருந்தாலும் காஷுவாலிட்டிக்கே போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்."

இதைத் தமிழிலும் மலையாளத்திலும் அனுப்புவது நல்லது. 108 இரு மாநிலங்களிலும் உண்டு. ஆனால் எல்லையோரத்தில் செல்போன் அடுத்த மாநிலத்து டவரைப் பிடித்தால் அழைப்பு அங்கே போய்ச் சேரக்கூடும். எனவே எடுத்தவுடன் "கேரளம், பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறை" என்று இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வெளிமாநிலத்திலிருந்து பிள்ளைகள் அழைத்தால் அவர்கள் இருக்கும் மாநிலத்துக்கே அழைப்பு போகும். ஆகவே வீட்டிலிருப்பவரோ பக்கத்து வீட்டுக்காரரோ அழைப்பதே சரி.

இயந்திரத்தின் குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் இத்தகைய பதில் போக வேண்டுமானால் டாக்டரின் போனில் இணைய இணைப்பு இருந்தாக வேண்டும். அவர் போனை அணைத்துவிட்டால் பதிலே போகாது. ஜிமெயிலில் ஒருவருக்குப் பதில் போய்விட்டால், நான்கு நாட்களுக்குள் அவர் மறுபடி எழுதினாலும் பெரும்பாலும் இன்னொரு பதில் போகாது. முதல் கடிதம் இருமலைப் பற்றியும் இரண்டாவது மூச்சுத் திணறலைப் பற்றியும் இருந்தால், இரண்டாவதற்கு மௌனம்தான் கிடைக்கும். அதனால் அதே அறிவிப்பைக் கிளினிக் கதவிலும் ஒட்டுவது அவசியம். வேறொரு போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பிச் சோதித்துவிட்டே டாக்டர் கிளம்ப வேண்டும்.

ரயில்வேயில் விளக்கு எரியாத சிக்னலைப் பச்சை என்று யாரும் கொள்வதில்லை. சிவப்பாகவே கொண்டு வண்டியை நிறுத்துவோம். டாக்டரிடமிருந்து பதில் வராத இரவையும் நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படியே கொள்ள வேண்டும். பதில் வரவில்லை என்றால் காத்திருக்கலாம் என்று பொருளல்ல. மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்றே பொருள். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, 108-உம் மருத்துவமனை எண்ணும் சேர்த்து, ஊர் வீட்டில் போன் இருக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.