கைப்பேசியில் சட்டென்று புரியும் திருவிழா அறிவிப்பு

கெடா தோட்டத்துக் கோவில் திருவிழாப் படத்தை இன்ஸ்டாகிராமில் போடும்போது, நீண்ட குறிப்பின் தொடக்கம் மட்டுமே தெரியும், மீதி மறைந்துவிடும். ஆகவே வணக்கம், வாழ்த்தெல்லாம் கடைசிக்குப் போகட்டும். என்ன, எப்போது, எங்கே என்பவை முதலில் வரட்டும்.

மாரியம்மன் கோவில் அன்னதானம்
📅 ஞாயிறு, 12.4.2026
🕕 மாலை மணி 6
📍 சுங்கை பட்டாணி

🙏 அனைவரும் குடும்பத்தோடு வருக

• ஒரு வரிக்கு ஒரு செய்தி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் மூன்று நான்கு சொற்களிலேயே வரி மடங்கிவிடும்.

• எமோஜி வரியின் தொடக்கத்தில் ஒன்று போதும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் படிக்கும். ஐந்து 🙏 போட்டால் ஐந்து முறை கேட்க வேண்டியிருக்கலாம்.

• எமோஜியை நம்பித் தேதியை விட்டுவிடாதீர்கள். ஐபோனில் 📅 எப்போதும் ஜூலை 17 என்றே காட்டும். கடிகாரமும் காலையா மாலையா என்று சொல்லாது. இரண்டையும் எழுத்தில் எழுதுங்கள்.

• விவரங்களுக்கும் அழைப்புக்கும் நடுவே ஒரு வெற்று வரி விடுங்கள்.

• பதிவேற்றியதும் வேறொரு கைப்பேசியில் பாருங்கள். ‘மேலும்’ என்பதைத் தொடாமலேயே தேதி தெரியாவிட்டால் முதல் வரியைச் சுருக்குங்கள்.