காதில் 'கொய்ங்' சத்தமா? செட்டிங்ஸை மாற்றும் முன் இதைப் பாருங்க

திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் மூணு மணி நேரம் நின்றுவிட்டு வந்து படுத்தால், காதுக்குள் 'கொய்ங்'னு ஒரு சத்தம் கேட்கும். முழு வால்யூமில் இயர்போன் மாட்டிப் பாட்டு கேட்டாலும் இதேதான். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடி செல்கள் அளவுக்கு மீறிய சத்தத்தால் பாதிக்கப்படும்போது இது வருகிறது. இயர்போனைக் கழற்றி வைத்து, காதுக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

ஆனால் இப்படி ஒரு நிலைமையை யோசித்துப் பாருங்க. மறுநாள் பஸ்ஸில் பாட்டு போடுகிறீர்கள். இடது பக்கம் சத்தம் கம்மியாக இருக்கிறது. இயர்போன் போயிடுச்சு என்று நினைத்து, செட்டிங்ஸில் 'ஆடியோ பேலன்ஸ்' பகுதிக்குப் போய் இடது பக்கத்தைக் கூட்டிவிடுகிறீர்கள். இப்போது ரெண்டு பக்கமும் சமமாகக் கேட்கிறது. பழுது இயர்போனில் என்றால் சரி. காதில் என்றால்?

தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கு. பேலன்ஸை முதலில் நடுவுக்குக் கொண்டு வாங்க. மிதமான சத்தத்தில், இடது இயர்போனை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றி வைத்துக் கேளுங்க. சத்தக் குறைவும் இயர்போனோடு சேர்ந்து பக்கம் மாறினால், கோளாறு இயர்போனில்தான். வலையில் அழுக்கு அடைத்திருக்கலாம். மாற்றிய பிறகும் அதே இடது காதில்தான் கம்மி என்றால், கோளாறு காதில். சந்தேகமிருந்தால் போனில் பேசும்போது காதை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்க.

காதில் என்று தெரிந்தால், அன்றைக்கே அல்லது மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. குறும்பி அடைத்திருந்தாலும், உள்காது திடீரென பாதிக்கப்பட்டிருந்தாலும் 'அடைச்ச மாதிரி'தான் இருக்கும். வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது. குறும்பி என்றால் சுத்தம் செய்துவிடுவார்கள். திடீர் கேட்புக் குறைவு என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்து தருவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் சீக்கிரமாகத் தொடங்கினால்தான் பலன் அதிகம். 'ஒரு வாரம் பார்ப்போம்' என்பது இங்கே நஷ்டம். அதுவரை பட்ஸ், சூடான எண்ணெய் எதுவும் காதுக்குள் வேண்டாம்.

கேட்பதில் குறை இல்லாவிட்டாலும், கொய்ங் சத்தம் இரண்டு நாளைத் தாண்டினாலோ, ஒரு காதில் மட்டும் நீடித்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து 'டப் டப்'னு கேட்டாலோ மருத்துவரிடம் காட்டணும். தலை சுற்றினாலோ, காதில் சீழ் வந்தாலோ தள்ளிப்போடாதீங்க. முகம் ஒரு பக்கம் கோணினால் உடனே அவசரப் பிரிவுக்கு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டை பிரிவு இருக்கிறது. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அதுதான் கேட்புத் திறன் பரிசோதனை. எப்போது தொடங்கியது, எந்தக் காது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைப் போனிலேயே குறித்து எடுத்துட்டுப் போங்க. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம்.