மூன்றாவது விசிலுக்குள் சொல்லிவிட வேண்டும்

குறும்படத்துக்கு ஒலிப்பதிவு செய்யப் போகும் புதியவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி ஒரு சமையலறைக் காட்சி. மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுப்பில் குக்கர். “மூணு விசில் வந்ததும் அணைச்சிட்டுக் கோயிலுக்குக் கிளம்பணும்டி” என்கிறாள் அம்மா. அவ்வளவுதான். அந்த நொடியிலிருந்து பார்ப்பவர் விசிலை எண்ணத் தொடங்கிவிடுவார். கடிகாரத்தைக் காட்டவே வேண்டாம்.

முதல் விசில், மகள் வாயெடுக்கும்போது வந்து அவள் பேச்சை விழுங்குகிறது. இரண்டாவது வருவதற்குள் பேச்சு பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுகிறது. மூன்றாவது வந்ததும் அம்மா அடுப்பை அணைக்கிறாள். அதுவரை இருந்த இரைச்சல் சட்டென்று நின்று, ஆவி அடங்கும் சின்னச் சீறல் மட்டும் மிஞ்சுகிறது. மகள் அங்கேதான் சொல்ல வேண்டும். விசிலால் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அதற்குப் பின்னால் வரும் அமைதி.

இதைப் பதிவு செய்யும்போது குக்கரையும் வசனத்தையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள். விசிலின் அலைவரிசையும் பேச்சின் தெளிவுக்கு வேண்டிய அலைவரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பிறகு எடிட்டிங்கில் பிரித்தெடுக்க முடியாது. ஒரே டேக்கின் நடுவில் வெட்டினால் விசிலும் பாதியில் அறுந்துபோகும். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு வசனத்தை எடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சத்தம் இல்லாத அறையில் நடிகர்கள் மெல்லப் பேசிவிடுவார்கள். பிறகு விசிலைச் சேர்த்தால், இரைச்சலே காதில் விழாதவர்கள்போலத் தெரிவார்கள். ஒருமுறை உண்மையான குக்கரோடு ஒத்திகை பாருங்கள். எந்த இடத்தில் குரல் உயர்கிறது, எந்தச் சொல்லில் பேச்சு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டேக்கின்போது உதவியாளர் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்று, விசில் தொடங்கும் இடத்தில் கையை உயர்த்தி, முடியும்போது இறக்கட்டும்.

காட்சி முடிந்ததும் அதே சமையலறையில் அதே குக்கரைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால், கிளம்பும்போது மறக்காமல் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட்டுவிடுவீர்கள். சினிமா ஒலிப்பதிவாளர்களின் பழைய பழக்கம் இது. மைக் ஐந்தாறு அடி தள்ளி, ஆவி படாத பக்கத்தில் இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். லெவலை முன்னால் வரும் மெல்லிய சீறலுக்கு வைக்காமல் விசிலின் உச்சத்துக்கு வையுங்கள். அது மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாழ்வாகப் பதிவான சீறலைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். உச்சத்தில் கிழிந்துபோன விசிலை மீட்க வழியில்லை. முதல் சீறலிலிருந்து கடைசி அடக்கம்வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். முதல் விசில் வர நேரமாகும், அடுத்தவை சீக்கிரம் வரும். ஒரே விசிலை நகலெடுத்துச் சம இடைவெளியில் ஒட்டினால், சமைக்கத் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கடைசியாக, எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். வெட்டுகளை மறைக்க அந்த ரூம் டோன்தான் உதவும்.

மழைக்கு வேறு கணக்கு. வெட்டவெளியில் பிடித்த மழை, எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோலத்தான் கேட்கும். மழை எதன்மேல் விழுகிறது என்பதைப் பதிவு செய்யுங்கள். தகரக் கூரையா, தார்ப்பாயா, வாழை இலையா, ஒழுகும் இடத்தில் வைத்த பிளாஸ்டிக் வாளியா? அந்த வீட்டில் இருப்பவர்களின் வசதியை வாளியில் விழும் சொட்டே சொல்லிவிடும். மைக் தாழ்வாரத்துக்குள் இருக்கட்டும். காற்றுத் தடுப்பின்மேல் நேரடியாகத் துளி விழுந்தால் ‘தொப்’ என்று கேட்டுக் காட்சியைக் கெடுக்கும்.

கேட்டுப் பழக ஒரு படம் சொல்கிறேன்: ஜியோ பேபி இயக்கி 2021-இல் வெளிவந்த மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. பின்னணி இசை மிகக் குறைவு. நறுக்குவது, அரைப்பது, பாத்திரம் கழுவுவது என்று நாள்தோறும் திரும்பும் ஒலிகளே மருமகளின் அலுப்பை நம்மேல் ஏற்றுகின்றன. அந்த வீட்டில் மாமனாருக்குச் சோறு குக்கரில் வேகக் கூடாது, விறகடுப்பில்தான் வேக வேண்டும். ஒழுகும் தொட்டிக் குழாயைக் கணவன் கடைசிவரை கவனிக்க மாட்டான். அவள் வாய்விட்டுச் சொல்லாததை அந்த ஒழுகல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஆவணப்படத்தில் மட்டும் ஒரு கண்டிப்பு வேண்டும். நடந்த இடத்தில் இல்லாத ஒலியை நூலகத்திலிருந்து எடுத்துச் சேர்ப்பது பொய்.

எந்த ஒலியையும் இறுதிக் கலவைக்கு முன் ஒருமுறை நீக்கிவிட்டுக் காட்சியைப் பாருங்கள். எதுவும் மாறவில்லை என்றால், அது அங்கே அலங்காரம்தான், எடுத்துவிடலாம். வேலை கேட்டுப் போகும்போது இசையே இல்லாத இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். உங்கள் காது எப்படிப்பட்டது என்று பார்க்க அனுபவமுள்ள இயக்குநருக்கு அது போதும்.