மாட்டை எண்ணாதீர்கள், மாட்டுக்காரரை எண்ணுங்கள்: புதுப் பொருளின் சந்தையை அளப்பது எப்படி?

கொங்குப் பகுதியில் ஒரு மாவட்டத்தில், சின்னப் பண்ணைகளுக்கான பால் கறக்கும் இயந்திரத்தை விற்கலாம் என்று ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளி, ஒரு மோட்டார், தள்ளிக்கொண்டு போக இரண்டு சக்கரம். விலை 40,000 ரூபாய். வங்கி மேலாளர் முதலில் கேட்கப்போவது, ‘இதுக்கு இந்த ஜில்லாவுல எவ்வளவு மார்க்கெட் இருக்கு?’ என்பதைத்தான்.

இதற்கு விடை காண இரண்டு வழிகள் உண்டு. பெரிய எண்ணில் தொடங்கி, நமக்குப் பொருந்தாதவற்றைக் கழித்துக்கொண்டே இறங்குவது மேலிருந்து கீழ் கணக்கு. ஒரு ஊரில், ஒரு கடையில், ஒரு வாடிக்கையாளரில் தொடங்கிப் பெருக்கிக்கொண்டே போவது கீழிருந்து மேல் கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்க வேண்டும். கீழே வரும் மாவட்ட எண்கள் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் மாவட்டத்து எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலிருந்து இறங்குவது

இந்தத் தொழிலில் பெரிய எண் சுலபமாகக் கிடைக்கும். 2019-இல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள் இருந்தன. மாவட்ட வாரியான எண்ணிக்கையும் அதில் உண்டு. நம் மாவட்டத்துக்கு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 4 லட்சத்தில் காளை, கன்று, கிடேரி, பால் வற்றிய மாடு எல்லாம் அடக்கம். இப்போது கறவையில் இருப்பவை 40 சதவீதம் என்று கொண்டால் 1,60,000 மாடுகள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஐந்து மாட்டுக்கு ஓர் இயந்திரம் என்று வகுத்தால் 32,000 இயந்திரம். அதை 40,000 ரூபாயால் பெருக்கினால் 128 கோடி. ‘இதில் ஒரு சதவீதம் பிடித்தால்கூடப் போதும்’ என்ற வரி திட்ட அறிக்கையில் ஏறுவது இப்படித்தான்.

அந்த 128 கோடி ஒரு சந்தையே இல்லை. இயந்திரத்தை வாங்கப்போவது மாட்டுக்காரர். நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று மாடுகள்தான் இருக்கும். இரண்டு மாட்டைக் கையால் கறப்பதற்கு ஆகிற நேரம், இயந்திரத்தைப் பூட்டி, கறந்து, பிறகு குழாய்களைக் கழுவிக் காயவைக்கவே ஆகிவிடும். அவருக்கு இது தேவைப்படாது. கறவையில் ஐந்து மாடாவது இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். கறவை மாடுகளில் எத்தனை சதவீதம், ஐந்து அல்லது அதற்கு மேல் கறவை வைத்திருப்பவர்களின் தொழுவத்தில் நிற்கின்றன? கால்நடை உதவி மருத்துவர்கள், தீவன வியாபாரிகள், சினை ஊசி போடுகிறவர்கள் ஆகியோரிடம் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் 10 என்பார், ஒருவர் 20 என்பார். நடுவில் 15 என்று எடுத்தால் 24,000 மாடுகள். அப்படிப்பட்ட தொழுவத்தில் சராசரியாக ஆறு கறவை இருந்தால் 4,000 பண்ணைகள். 32,000 என்ற எண் 4,000 ஆகிவிட்டது. இந்தக் கணக்கில் மிகவும் பலவீனமான கண்ணி அந்த 15 சதவீதம்தான். அது 10 ஆனால் பண்ணைகள் 2,700 ஆகக் குறையும். 20 ஆனால் 5,300-ஐத் தாண்டும். எந்த ஊகத்தை அசைத்தால் முழுக் கணக்கும் ஆடுகிறதோ, அதைத்தான் களத்தில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

கீழிருந்து ஏறுவது

பால் தொழிலில் ஒரு வசதி உண்டு. யார் எவ்வளவு பால் ஊற்றுகிறார்கள் என்று காலையும் மாலையும் எழுதிவைக்கிற கணக்கு ஊருக்கு ஊர் இருக்கிறது. மாவட்டத்தில் 400 பால் சொசைட்டிகள் என்று கொள்வோம். அவற்றில் 12 போதும், ஆனால் அந்தப் பன்னிரண்டை எப்படிப் பொறுக்குகிறோம் என்பதுதான் முக்கியம். பஸ் வசதி உள்ள ஊர், தெரிந்த செயலாளர் இருக்கிற ஊர் என்று போனால், பெரிய பண்ணைகள் கூடுதலாகக் கண்ணில் படும். முழுப் பட்டியலையும் வாங்கி, ஒரு இடத்தில் தொடங்கி ஒவ்வொரு 33-ஆவது பெயரையும் எடுங்கள். கடைசிக் கோடியில் இருக்கிற ஊர் வந்தாலும் அங்கேயே போங்கள்.

செயலாளரிடம் பெயர் விவரம் கேட்க வேண்டாம், அது உறுப்பினரின் சொந்த விஷயம். ‘போன பட்டுவாடாவில் ஒரு நாளைக்குச் சராசரியாக 35 லிட்டருக்கு மேல் ஊற்றியவர்கள் எத்தனை பேர்?’ என்ற எண்ணிக்கை போதும். ஐந்து கறவை, மாட்டுக்கு எட்டு லிட்டர் என்றால் 40. வீட்டுக்கும் கன்றுக்கும் போக 35 லிட்டராவது சொசைட்டிக்கு வரும். ஒரே ஒரு நாள் கணக்கைப் பார்க்காதீர்கள், அன்று ஒரு மாடு படுத்திருக்கலாம்.

பன்னிரண்டு சொசைட்டியிலும் சேர்த்து 36 பேர் கிடைத்தார்கள் என்று வைப்போம். சொசைட்டிக்கு மூன்று பேர். 400 சொசைட்டிக்கு 1,200. தனியார் டெய்ரிகளின் சேகரிப்பு மையங்களையும் விடக்கூடாது, பெரிய பண்ணைகள் பல அங்கேதான் ஊற்றுகின்றன. அதே முறையில் பார்த்ததில் மையத்துக்கு நான்கு பேர், மாவட்டத்தில் 450 மையங்கள் என்றால் 1,800. ஆக மொத்தம் 3,000 பண்ணைகள்.

36 என்பது சின்ன எண். வேறு பன்னிரண்டு ஊர் எடுத்திருந்தால் 24 வந்திருக்கலாம், 48-உம் வந்திருக்கலாம். அதாவது 1,200 என்பதை 800 முதல் 1,600 வரை என்றுதான் படிக்க வேண்டும். இந்த அகலம் உங்களுக்கு அதிகம் என்று பட்டால், இன்னும் 12 ஊர் போவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை?

மேலிருந்து 4,000, கீழிருந்து 3,000. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 3,500 என்று எழுதிவிடுவது மிகப் பெரிய தவறு. இடைவெளிக்குக் காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும். இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டத்தைத்தான். சந்தையைப் பற்றி உண்மையில் தெரிந்துகொள்வது இங்கேதான்.

சொசைட்டி வாசலில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். ஒரே தொழுவத்துப் பால் கணவர் பெயரில் ஒரு கேன், மனைவி பெயரில் ஒரு கேன் என்று வரும். புத்தகத்தில் அவர்கள் இருபது லிட்டர்காரர்கள் இரண்டு பேர். நம் 35 லிட்டர் வடிகட்டியில் இருவருமே விழுந்துவிடுவார்கள். காலைப் பாலைச் சொசைட்டிக்கும் மாலைப் பாலைத் தனியாருக்கும் ஊற்றுகிறவர் இரண்டு புத்தகத்திலும் பாதி ஆளாகத்தான் தெரிவார். நகரத்தை ஒட்டிய பண்ணைகள் டீக்கடைக்கும் வீடுகளுக்கும் நேராகக் கொடுத்துவிடும், அவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்றுமே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுகிற காரணங்கள். ஒரு நகரத்து டீக்கடைகளில் ‘பால் எங்கேயிருந்து வருது?’ என்று கேட்டு, அப்படிப்பட்ட பண்ணைகளைத் தோராயமாக எண்ணிச் சேர்க்கலாம். இவை சேர்ந்து 500 என்றால் கீழ்க்கணக்கு 3,500 ஆகிறது. மேலே போட்ட 15 சதவீதத்தை 13 என்று திருத்தினால் அங்கேயும் ஏறக்குறைய 3,500 வரும். ஆனால் எண்ணை ஒத்துவரச் செய்வதற்காக மட்டும் ஊகத்தைத் திருத்தக்கூடாது. களத்தில் கண்ட காரணம் இருந்தால் திருத்துங்கள், இல்லையென்றால் 3,000 முதல் 4,000 வரை என்றே எழுதுங்கள்.

பண்ணை எத்தனை, வாங்குகிறவர் எத்தனை?

செயலாளர் மூலமாகச் சொல்லி அனுப்பி, அந்த 36 பேரையும் அவர்கள் சம்மதத்தோடு நேரில் பாருங்கள். ‘இப்படி ஒரு மிஷின் வந்தால் வாங்குவீங்களா?’ என்று கேட்காதீர்கள். வீடு தேடி வந்தவரிடம் நம் ஊர்க்காரர் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். நடந்ததைக் கேளுங்கள். ‘யாருங்க கறக்கிறாங்க? ஆள் வெச்சா மாசம் எவ்வளவு கொடுக்கிறீங்க? போன பண்டிகைக்கு அவர் வராதப்போ என்ன பண்ணீங்க?’ கறக்க வருகிற ஆள் வராத நாளில் பட்ட பாட்டைச் சொல்லும்போது ஒருவருடைய குரல் மாறினால், அவர்தான் வாடிக்கையாளர். வீட்டில் மூன்று பேர் கறக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், அவர் இன்னும் சில வருஷம் வாங்கமாட்டார்.

36 பேரில் 9 பேரிடம் ஏற்கெனவே இயந்திரம் இருக்கிறது, 15 பேருக்கு இப்போது அவசரம் இல்லை, 12 பேருக்கு உண்மையான தேவை இருக்கிறது என்று வந்ததாகக் கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு. தனியாருக்கு ஊற்றுகிறவர்களும் இப்படித்தான் என்று வைத்தால், 3,500-இல் சுமார் 1,150 பேர்.

இவர்களும் ஒரே வருஷத்தில் வாங்கிவிடமாட்டார்கள். ஒருவர் வாங்கி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு வருஷம் பார்த்து, மாட்டுக்கு மடிநோய் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்தவர் வாங்குவார். ஐந்து வருஷத்தில் பரவும் என்றால் வருஷத்துக்கு 230 இயந்திரம், ரூபாயில் 92 லட்சம். அதுவும் எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து. ஒரு தடவை வாங்கிப் பல வருஷம் உழைக்கிற பொருளுக்கு மொத்தச் சந்தையையும் ஆண்டுச் சந்தையையும் குழப்பிக்கொண்டால், முதல் வருஷமே குடோனில் சரக்கு தேங்கிவிடும்.

இன்னொரு விஷயம் இந்த நேர்காணல்களில்தான் தெரியவரும். இயந்திரத்தில் காம்பைப் பிடிக்கிற ரப்பர் லைனரைச் சுமார் 2,500 கறவைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆறு மாடு, இரண்டு வேளை என்றால் நாளைக்கு 12 கறவை, அதாவது ஏழு மாதத்துக்கு ஒரு செட். வெடிப்பு விட்ட லைனரோடு கறந்தால் கிருமி தங்கி, மடிநோய்க்கு வழி விடும். ஏற்கெனவே இயந்திரம் வைத்திருக்கும் 9 பேர், அதாவது மாவட்டத்தில் சுமார் 875 பேர், இந்த லைனர் சந்தையில் இன்றைக்கே இருக்கிறார்கள். அந்தத் தேவை வருஷா வருஷம் திரும்ப வரும்.

அறிக்கையில் எழுதுவது

ஒரே எண்ணாக எழுதாமல் மூன்று வரியாக எழுதுங்கள். பொருத்தமான பண்ணைகள் 3,000 முதல் 4,000. இன்று தேவை இருப்பவர்கள் 1,000 முதல் 1,300. ஆண்டு விற்பனை, எல்லோருக்கும் சேர்த்து, 200 முதல் 260 இயந்திரம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த ஊகத்தில் நிற்கிறது, அதை எங்கே போய்ப் பார்த்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். கடைசியாக உங்கள் பங்கைக் கணக்கிடும்போது சதவீதத்தில் தொடங்காதீர்கள். ஒரு சர்வீஸ் ஆள் ஒரு மாதத்தில் எத்தனை இயந்திரத்தைப் பொருத்திப் பழக்கிக் கொடுக்க முடியும் என்பதில் தொடங்குங்கள். மாதம் ஐந்து என்றால் வருஷத்துக்கு 60. மாவட்டச் சந்தையில் அது ஏறக்குறைய கால்பங்கு, புதிதாக வருகிறவருக்கு மிகவும் பெரிய பங்கு. வங்கிக் கடனை 60-க்குக் கேட்காமல் 30 விற்றாலும் தவணை கட்ட முடிகிற அளவுக்குக் கேளுங்கள்.