பதிவு செய்த திட்டத்தை மாற்றிவிட்டேன், இது மோசடியா?

கேள்வி: நான் செவிலியர் முதுநிலை மாணவி. கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பது நல்லதா, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது நல்லதா என்று சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்கிறேன். 12-ஆவது வாரத்து ஹீமோகுளோபின் அளவே முதன்மை முடிவு என்று பிராஸ்பெரோவில் பதிந்திருந்தேன். தேடிக் கிடைத்த 9 ஆய்வுகளில் 3 மட்டுமே 12-ஆவது வாரத்தில் அளந்திருக்கின்றன. மற்றவை 6 அல்லது 8 வாரத்தோடு நின்றுவிட்டன. அதனால் 8-ஆவது வாரத்தை ஒட்டிய அளவை எடுத்துக்கொண்டேன். ஹீமோகுளோபினில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒருநாள் விட்டுச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல் மட்டும் குறைவு. "குமட்டலையே முதன்மை முடிவாக்கிவிடு" என்கிறார் வழிகாட்டி. பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதியலாமா? பத்திரிகை மோசடி என்று சொல்லிவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.
— ச. மு., திருநெல்வேலி

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள், அம்மா. திட்டத்தை மாற்றுவது மோசடி அல்ல. மாற்றியதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். நீங்கள் இன்னும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. முதலாவதை விளக்கிச் சொல்லிவிடலாம். இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

புரோட்டோகாலை (ஆய்வு தொடங்கும் முன் எழுதிவைக்கும் திட்டம்) ஏன் முன்கூட்டியே பதியச் சொல்கிறார்கள்? புதிதாக மருந்துச் சோதனை நடத்துபவருக்கு முடிவு எப்படி வரும் என்று தெரியாது. மீளாய்வு செய்பவரின் நிலை வேறு. அவர் சேர்க்கப்போகும் ஆய்வுகள் ஏற்கெனவே அச்சில் இருக்கின்றன. சிலவற்றை அவர் படித்தே இருப்பார். எந்த வாரம், எந்த அளவுகோல், எந்தக் கணக்குமுறை என்ற தேர்வெல்லாம் அவர் கையில். உங்கள் தலைப்பையே பாருங்கள். மூன்று கால அளவுகள், ஹீமோகுளோபின் அல்லது ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்), கணக்குக்கு இரண்டு முறைகள் என்று வைத்தாலே பன்னிரண்டு விடைகள் வரும். அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகவே 'வித்தியாசம் உண்டு' என்று காட்டக்கூடும். எதை நம்பப்போகிறோம் என்பதை விடையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது.

இதற்காகத்தான் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் 2011-இல் பிராஸ்பெரோ பதிவேட்டைத் தொடங்கினார்கள். ஆய்வுகளிலிருந்து தரவு எடுக்கும் வேலை ஆரம்பிக்கும் முன் அதில் பதிய வேண்டும். பதிவைப் பிறகு திருத்தலாம். பதிவு எண் மாறாது. பழைய வடிவமும் தேதியோடு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அப்படியே இருக்கும். எனவே நீக்கிவிட்டுப் புதிதாகப் பதியும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வேலை முடிந்தபின் முன்தேதித் திட்டம்போல ஒன்றைப் பதிந்தால், நீங்கள் அஞ்சுகிற குற்றச்சாட்டை நீங்களே வரவழைத்தவர் ஆவீர்கள்.

முதல் மாற்றத்துக்கு வருவோம். 12-ஆவது வாரத்தில் அளந்த ஆய்வுகள் மூன்றே என்பது நீங்கள் முன்கூட்டி அறிந்திருக்க முடியாத விஷயம். நியாயமான காரணம்தான். ஆனாலும் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரே அளவு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுபவர், எந்த வாரத்தில் பார்த்தாலும் தினமும் சாப்பிடுபவரைவிடப் பாதி மாத்திரைதான் சாப்பிட்டிருப்பார். தினமும் சாப்பிடுபவருக்குத் தொடக்கத்தில் ஹீமோகுளோபின் வேகமாக ஏறி, நாளாக ஆக அந்த இடைவெளி குறையவும் கூடும். எந்த வாரத்தில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடையே மாறலாம்.

ஆகவே 8-ஆவது வாரக் கணக்கோடு, முதலில் திட்டமிட்டபடி அந்த மூன்று ஆய்வுகளை மட்டும் வைத்து 12-ஆவது வாரக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். மூன்றே ஆய்வுகள் என்பதால் நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) அகலமாக வரும், வரட்டும். இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் உங்கள் மாற்றம் முடிவைப் பெரிதாகத் திருப்பவில்லை என்று படிப்பவர் தாமே தெரிந்துகொள்வார். வெவ்வேறு திசை காட்டினால் அதுவும் அவருக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

அடுத்து வழிகாட்டி சொன்னது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். 'வித்தியாசம் இல்லை' என்ற கட்டுரையைப் பத்திரிகைகள் விரும்புவதில்லை என்ற அனுபவத்தில் சொல்லியிருப்பார். ஆனால் இந்த மாற்றம் முடிவைப் பார்த்த பிறகு, அந்த முடிவின் காரணமாகவே வருவது. அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதுபோல. கிர்க்கம் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 288 காக்ரேன் மீளாய்வுகளைத் திட்டத்தோடு ஒப்பிட்டு 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவற்றில் 64-இல் அளவிடும் முடிவுகள் மாறியிருந்தன. பெரும்பாலும் முதன்மை முடிவே. முதன்மை முடிவை ஏன் மாற்றினோம் என்று ஆசிரியர்களால் நினைவுகூர முடிந்த 28 மீளாய்வுகளில் 8, ஆய்வுகளின் முடிவுகளைப் படித்தபின் மாற்றப்பட்டவை. அந்த எட்டில் ஒன்றுகூட மாற்றத்தைக் கட்டுரையில் ஒப்புக்கொள்ளவில்லை.

எனவே ஹீமோகுளோபின் முதன்மை முடிவாகவே இருக்கட்டும். குமட்டல் உங்கள் பதிவில் இரண்டாம் நிலை முடிவாக இருந்தால் அந்த இடத்திலேயே விரிவாக எழுதுங்கள். பதிவிலேயே இல்லை என்றால், 'முடிவுகளைப் பார்த்தபின் சேர்த்தது' என்ற குறிப்போடு எழுதுங்கள். கண்டறிந்தது காணாமல் போய்விடாது. அதை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதுதான் குறைகிறது. ஹீமோகுளோபினில் பெரிய வித்தியாசம் தெரியாமல் குமட்டல் மட்டும் குறைகிறது என்றால், அதைப் படிக்கும் கிராம செவிலியருக்கு அதுவே பயனுள்ள சேதி. நீங்கள் ஏன் அதை உருமாற்ற வேண்டும்?

இவற்றை எங்கே எழுதுவது? பிரிஸ்மா 2020 (மீளாய்வை எழுதும்போது சொல்ல வேண்டியவற்றின் பட்டியல்) 27 உருப்படிகள் கொண்டது. அதில் 24-ஆவது மூன்று விஷயங்களைக் கேட்கிறது: பதிவேட்டின் பெயரும் எண்ணும், திட்டத்தை எங்கே படிக்கலாம் என்பது, மாற்றங்களும் அவற்றின் விளக்கமும். காக்ரேன் மீளாய்வுகளில் 'திட்டத்துக்கும் மீளாய்வுக்கும் இடையிலான வேறுபாடுகள்' என்று தனிப் பகுதியே உண்டு. உங்கள் கட்டுரையின் முறையியல் பகுதியில் இப்படி எழுதலாம்:

"திட்டத்தில் முதன்மை முடிவை 12-ஆவது வாரத்தில் அளப்பதாகக் கூறியிருந்தோம். முழுக் கட்டுரைகளைப் படித்தபோது 9-இல் 3 ஆய்வுகளே அவ்வாறு அளந்திருந்ததால், 8-ஆவது வாரத்துக்கு மிக அருகிலுள்ள அளவை எடுத்தோம். தரவைத் தொகுக்கும் முன் இம்முடிவை எடுத்தோம். எனினும் தனித்தனி ஆய்வுகளின் முடிவுகள் அப்போது எங்கள் பார்வைக்கு வந்திருந்தன. 12-ஆவது வார ஆய்வுகளை மட்டும் வைத்துச் செய்த கணக்கையும் தந்துள்ளோம்."

கடைசிக்கு முந்தைய வரியை எழுதக் கை தயங்கும். 'எப்போது மாற்றினீர்கள்' என்பதைத்தான் மதிப்பாய்வாளர் முதலில் தேடுவார். அவர் பதிவு எண்ணை வைத்து பிராஸ்பெரோவைத் திறந்து, உங்கள் கட்டுரையை அருகில் வைத்துப் பார்க்கக்கூடியவர். நீங்கள் தொகுத்த பிறகுதான் மாற்றினீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். என் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தேடலில் இன்னொரு தரவுத்தளத்தைச் சேர்த்தது, ஆய்வுக் குழுவில் ஒருவர் மாறியது போன்றவற்றுக்கு ஒரு வரி போதும்.

இன்றைக்கே பிராஸ்பெரோவில் நுழைந்து, கால அளவு மாற்றத்தையும் காரணத்தையும் திருத்தக் குறிப்பில் எழுதிச் சமர்ப்பித்துவிடுங்கள். தாமதமானதுதான், ஆனாலும் கட்டுரையை அனுப்பும் முன் அந்தத் தேதி பதிவேறிவிடும். கட்டுரை வெளியானதும் அதே பதிவில் அதன் இணைப்பைச் சேர்த்து, மீளாய்வு முடிந்தது என்று குறித்துவிடுங்கள்.